பழைய பைக் வாங்கி ரிப்பேர் பார்த்து வித்தா கையில என்ன நிக்கும்? என் கணக்கு சரியா பாருங்க

#1 ரெட்டைசைலன்சர்

வணக்கம். ஒரு 150 சிசி பைக் வாங்கியிருக்கேன், ரிப்பேர் பார்த்து வித்துடலாம்னு. வேலை இன்னும் ஆரம்பிக்கலை. விலைவாசி ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும்ங்கறதால வாங்கின விலையை 100-ன்னு வச்சுக்கறேன். மத்ததெல்லாம் அந்த அளவுல சொல்றேன்.

வாங்கினது 100. ரிப்பேருக்கு மெக்கானிக் சொன்னது 14. பேப்பர் வேலை 5. ஆக 119. இந்த மாடல், இந்த வருஷ வண்டி 125-க்குப் போகுதுன்னு தரகர் சொல்றார். அவருக்கு 4 சதவீதம்.

125-லேர்ந்து 119 போனா 6. அதுல 4 சதவீதம் தரகருக்கு, அதாவது 0.24. என் கையில 5.76. இந்தக் கணக்கு சரிதானே? இன்னும் கொஞ்சம் லாபம் ஏத்த வழி இருக்கா?

#2 கணக்குப்பிள்ளை

சரியில்லை தம்பி. தரகர் 4 சதவீதம் என்று சொன்னால் அது விற்ற விலையில் 4 சதவீதம். உங்கள் லாபத்தில் இல்லை. நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை.

125-க்கு 4 சதவீதம் என்றால் 5. கைக்கு வருவது 120. போட்டது 119. மிச்சம் 1. அவ்வளவுதான். நீங்கள் நினைத்த 5.76 ஒரே வரியில் 1 ஆகிவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். வாங்கும்போதும் தரகர் மூலமாகத்தானே வாங்கினீர்கள்? அவருக்குக் கொடுத்தது அந்த 100-க்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

#3 ரெட்டைசைலன்சர்

வெளியே. 2 கொடுத்தேன். அதைக் கணக்குல சேர்க்கவே இல்லை. அப்போ 1 நஷ்டமா?!

#4 கணக்குப்பிள்ளை

ஆமாம். 121 போட்டு 120 எடுக்கிறீர்கள். இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை என்பதுதான் நல்ல சேதி. வாங்கின விலையை இனி மாற்ற முடியாது. ரிப்பேர் 14, பேப்பர் 5 இரண்டையும் உடைத்து எழுதுங்கள். எது எதற்கு எவ்வளவு என்று பார்க்காமல் மொத்தமாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் எதையும் குறைக்க முடியாது.

#5 ஓரம்போ

அண்ணே ரொம்ப சிம்பிள். மொத்த செலவு 121, அதுக்கு மேல தரகர் 4 சதவீதம் போடுங்க, 125.84 வருது. 126-ன்னு வித்தா நஷ்டமில்லை. லாபம் வேணும்னா லாபத்தையும் கூட்டிட்டு 4 சதவீதம் போட்டா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு.

#6 கணக்குப்பிள்ளை

ஓரம்போ, பாதி சரி. போக வேண்டிய திசை சரி, கணக்குப் போட்ட விதம் தப்பு. நீங்கள் 4 சதவீதத்தைச் செலவின் மேல் போடுகிறீர்கள். அவர் எடுப்பது விற்ற விலையின் மேல். 125.84-க்கு விற்றால் அவர் எடுப்பது 5.03. உங்கள் கைக்கு 120.81. போட்டது 121, கொஞ்சம் குறைகிறது.

பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். தரகு 4 சதவீதம் போனால் நூற்றுக்கு 96 உங்களுடையது. 121-ஐ 0.96-ஆல் வகுத்தால் 126.04. அதுதான் நஷ்டமில்லாத விலை. 10 லாபம் வேண்டுமென்றால் 131-ஐ 0.96-ஆல் வகுத்தால் 136.46.

4 சதவீதத்தில் வித்தியாசம் சில்லறை போலத் தெரியும். 10 சதவீதம் கேட்கும் தரகர்களும் உண்டு. அங்கே 131-க்கு மேல் 10 சதவீதம் போட்டு 144.1 என்று விற்றால் கைக்கு 129.69 வரும். எதிர்பார்த்த 10 லாபத்தில் 1.31 காணாமல் போயிருக்கும்.

#7 ரெட்டைசைலன்சர்

புரிஞ்சுது. சந்தை விலையே 125-ன்னா நான் 136 கேட்டா எவன் வாங்குவான்? செலவைத்தான் குறைக்கணும்.

உடைச்சு எழுதறேன்:

என்ஜின் வேலை, போர் அடிச்சு புது பிஸ்டன் ரிங்: 8
செயின், ரெண்டு ஸ்ப்ராக்கெட்: 2.5
முன் ஃபோர்க் ஆயில் சீல், ரெண்டு பக்கமும்: 1.5
சீட் கவர் 0.5, டாங்க் ஸ்டிக்கர் 1.5

பேப்பர் 5-ல பெயர் மாற்றம் 3, பழைய அபராதம் பாக்கி 2.

#8 நெட்டுபோல்ட்டு

மத்ததெல்லாம் அப்புறம். என்ஜினுக்கு 8-னு எதை வச்சு சொன்னாங்க? புகையா? எப்ப புகையுது, என்ன கலர், எவ்வளவு நேரம்? இதைச் சொல்லாம யாரையும் என்ஜினைப் பிரிக்க விடாதீங்க.

#9 ரெட்டைசைலன்சர்

காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது நீலமா ஒரு புகை. கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஓடும்போது பின்னால வந்த ஃபிரெண்ட் பார்த்தான், திருகி ஏத்தும்போது புகை இல்லைன்னான். இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு வந்து திரும்பத் திருகினா லேசா வருது. மெக்கானிக் "ஆயில் அடிக்குது, போர் போச்சு"ன்னார்.

#10 நெட்டுபோல்ட்டு

இது போர் போன புகை மாதிரி இல்லை. வால்வு ஆயில் சீல் போன புகை.

காரணம் சொல்றேன். வண்டி ராத்திரி நிக்கும்போது ஹெட்ல தேங்கியிருக்கிற ஆயில், வால்வு தண்டு வழியா மெல்ல கீழே இறங்கும். தண்டுல இருக்கிற ரப்பர் சீல் காய்ஞ்சு கெட்டியாயிருந்தா அதைத் தடுக்காது. காலையில ஸ்டார்ட் ஆனதும் அது எரிஞ்சு நீலப் புகை, எரிஞ்சு முடிஞ்சதும் நின்னுடும். இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விடும்போது இன்டேக் பக்கம் உறிஞ்சல் அதிகமாகும், அந்த உறிஞ்சல்ல ஆயில் இறங்கும், திருகினதும் புகையும். நீங்க சொன்னது ரெண்டும் அப்படியே பொருந்துது.

ரிங் தேய்ஞ்சிருந்தா வேற மாதிரி இருக்கும். ஏத்தத்துல, லோடுல, திருகிப் பிடிச்சு ஓட்டும்போதுதான் அதிகம் புகையும், சூடான பிறகும் நிக்காது. கிராங்க்கேஸ் பிரீதர் குழாயைக் கழட்டிப் பார்த்தா அதுலயும் புகை ஊதிட்டு இருக்கும்.

ஆனா கண்ணால பார்த்ததை மட்டும் நம்ப வேண்டாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. என்ஜினைச் சூடு பண்ணி நிறுத்தி, பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையில கேஜை மாட்டுங்க. ஆக்ஸிலேட்டரை முழுசா திருகிப் பிடிச்சுக்கிட்டு, முள்ளு ஏறுறது நிக்கிற வரைக்கும் கிக் அடிங்க. எண்ணைக் குறிச்சுக்கங்க. அப்புறம் ஒரு டீஸ்பூன் ஆயிலை பிளக் ஓட்டையில விட்டு, மறுபடி அதே மாதிரி எடுங்க. ஆயில் விட்டதும் நல்லா ஏறினா ரிங், போர் பக்கம் கோளாறு, ஏன்னா ஆயில் அந்த இடைவெளியை அடைச்சிருக்கு. ரெண்டு தடவையும் எண் கம்மியாவே நின்னா வால்வு சீட்டுல லீக். முதல்லயே நல்லா இருந்தா ரிங்கும் வால்வு சீட்டும் ரெண்டுமே தேறினது, அப்போ புகைக்குக் காரணம் பெரும்பாலும் சீல்தான்.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஆக்ஸிலேட்டரைத் திருகாம எடுத்தா காத்து உள்ள போகாது, நல்ல என்ஜினும் கம்மியா காட்டும். சில மாடல்ல கிக் லேசா இருக்கணும்னு கேம்லயே ஒரு டிகம்ப்ரஷன் அமைப்பு இருக்கும், அதுலயும் எண் இயல்பாவே கம்மியா வரும். அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற எண்ணோட ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணணும்.

#11 மஞ்சள்ஹெல்மெட்

என் வண்டியும் காலையில புகையுது, ஆனா வெள்ளைப் புகை. மைலேஜ் ஓகே. இதுக்கும் போர் அடிக்கணுமா? எது நல்ல மைலேஜ் தரும் பிஸ்டன் செட்?

#12 நெட்டுபோல்ட்டு

மஞ்சள்ஹெல்மெட், குளிர்ல வர்ற வெள்ளை பெரும்பாலும் சைலன்சர்ல தேங்கின ஈரம் ஆவியா போறது. வண்டி சூடானதும் நின்னு, ஆயில் லெவலும் குறையலைன்னா விட்டுடுங்க. பிஸ்டன் மாத்தி மைலேஜ் ஏத்த முடியாது. இந்த இழை விற்பனைக் கணக்கு பத்தினது, தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

#13 ரெட்டைசைலன்சர்

வேற கடையில கேஜ் இருந்துச்சு. மேனுவல்ல குறைந்தபட்சம் 9-ன்னு போட்டிருக்கு. ஆயில் விடாம 10.5, ஆயில் விட்டு 11. கிலோ கணக்குல.

#14 நெட்டுபோல்ட்டு

அருமை. ஆயில் விட்டா எந்த என்ஜின்லயும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அரை கிலோ ஒண்ணுமே இல்லை. போரைத் தொட வேண்டாம். ஹெட்டை மட்டும் இறக்கி ரெண்டு வால்வு சீலும் மாத்துங்க. ஹெட் கேஸ்கெட் புதுசு போடணும், பழசைத் திரும்பப் போட்டா கம்ப்ரஷன் லீக்காகும். சாமான், கூலி எல்லாம் சேர்த்து அந்த 8-ல கால் பங்குதான் ஆகும்.

ஹெட் இறங்கினதும் நீங்க நேர்ல நில்லுங்க. மெக்கானிக்கை வால்வை ஒரு சென்டிமீட்டர் அளவு வெளிய இழுத்து, தலையைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டச் சொல்லுங்க. கைக்கு ஆட்டம் நல்லாத் தெரிஞ்சா கைடு தேய்ஞ்சிருக்கு. அதுல புது சீல் போட்டாலும் தண்டு ஆடி ஆடி சீக்கிரமே பிய்ச்சுடும், புகை திரும்ப வரும். கைடு மாத்தணும்னா லேத் வேலை, வால்வு சீட் திரும்ப வெட்டணும், செலவு 2-ல நிக்காது. அதே நேரத்துல சிலிண்டர் சுவரையும் மேலேர்ந்து பாருங்க. குறுக்கும் நெடுக்குமா மெல்லிய கோடு இன்னும் தெரிஞ்சா போர் நல்லா இருக்கு. மேல் விளிம்புக்குக் கீழே நகத்தை இறக்கினா படி மாதிரி தட்டுச்சுன்னா, தேய்மானம் இருக்குன்னு அர்த்தம்.

டைமிங் செயினை மாட்டும்போது மார்க் பார்த்து மாட்டணும், வால்வு கிளியரன்ஸ் என்ஜின் குளிர்ந்த பிறகு வைக்கணும். அவசரத்துல சூட்டோட வச்சுட்டு அனுப்புற கடைகள் உண்டு.

#15 பழையவண்டி

ஒரு எச்சரிக்கை. புகைக்குப் பதிலாக "பாதி என்ஜின் கிடைக்கிறது, மாற்றிவிடலாம், செலவு குறைவு" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ஜின் நம்பர் கிராங்க்கேஸில்தான் அடித்திருக்கும். கிராங்க்கேஸ் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் பொருந்தாது. வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பெயர் மாற்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

அதோடு இப்போதே ஒரு வெள்ளைத் தாளை என்ஜின் நம்பர் மேலும், ஹேண்டில் கழுத்தில் உள்ள சேஸிஸ் நம்பர் மேலும் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். ஒரு எழுத்து மட்டும் சாய்ந்திருந்தாலோ, சுற்றி அரத்தால் தேய்த்த கோடுகள் தாளில் தெரிந்தாலோ, செலவு செய்வதை நிறுத்திவிட்டு விற்றவரைத் தேடுங்கள்.

#16 ரெட்டைசைலன்சர்

தேய்ச்சுப் பார்த்தேன், ரெண்டும் சுத்தம், புத்தகத்தோட ஒத்துப்போகுது. என்ஜின் 8 இப்போ 2. செயின், ஃபோர்க், ஸ்டிக்கர்ல எதையாவது விடலாமா?

#17 நெட்டுபோல்ட்டு

ஸ்டிக்கரை விடுங்க. 1.5 போட்டு ஒட்டினா 1.5 கூடக் கிடைக்காது. பழைய வண்டியில பளபளன்னு புது டாங்க் ஸ்டிக்கரைப் பார்த்தா, விவரமானவன் "எங்க விழுந்துச்சு"ன்னுதான் முதல்ல கேப்பான். கிழிஞ்ச சீட் மட்டும் மாத்துங்க. அது கண்ணுக்குத் தெரியும், விலை பேசும்போது பிடிச்சு இழுப்பாங்க.

செயினை விடக்கூடாது, ஆனா முதல்ல தேவையான்னு பாருங்க. பின் ஸ்ப்ராக்கெட்டோட பின்கோடியில செயினை விரலால வெளிப்பக்கம் இழுங்க. பல்லுல பாதி அளவு வெளிய தெரிஞ்சா செயின் நீண்டுடுச்சு. பல்லு ஒரு பக்கமா வளைஞ்சு கொக்கி மாதிரி இருந்தா ஸ்ப்ராக்கெட்டும் முடிஞ்சது. மாத்தினா மூணையும் சேர்த்து மாத்தணும். செயினை மட்டும் மாத்தி மிச்சம் பிடிக்கலாம்னு நினைச்சா, தேய்ஞ்ச பல்லு புது செயினைச் சீக்கிரமே பழசாக்கிடும். வாங்கினவன் ஒரு மாசத்துல திரும்பி வந்து நிப்பான்.

ஃபோர்க்கும் அப்படித்தான். சீல் மாத்தறதுக்கு முன்னால அந்தப் பளபளக் கம்பியை ஒரு துணியால துடைச்சுட்டு, நகத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டுங்க. துருப்புள்ளி நகத்துல தட்டினா புது சீலையும் அது அறுத்துடும். புள்ளி சீல் ஓடுற இடத்துக்கு மேல, எட்டாத உயரத்துல இருந்தா கவலையில்லை. ஆயில் ரெண்டு காலுக்கும் மேனுவல்ல சொன்ன அளவு, சமமா.

பிரேக்கைப் பத்தி நீங்க எழுதவே இல்லை. ஷூ, பேட் தேய்மானத்தைப் பார்த்துடுங்க. அது விலை ஏத்துமான்னு கணக்குப் பார்க்கிற விஷயம் இல்லை.

#18 ஓரம்போ

நெட்டுபோல்ட்டு அண்ணன் மெக்கானிக் மாதிரி யோசிக்கிறார். நான் வியாபாரி மாதிரி சொல்றேன். எதுவுமே பண்ணாதீங்க. தண்ணி ஊத்திக் கழுவி, உள்ளதைச் சொல்லி 112-க்குத் தள்ளிவிடுங்க. 4 சதவீதம் போக 107.5. போட்டது 102. கைல 5.5. அலைச்சலும் இல்லை, பிரிச்சுப் போட்ட பிறகு புதுசா ஒரு கோளாறு கண்டுபிடிக்கிற தலைவலியும் இல்லை.

#19 கணக்குப்பிள்ளை

இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 112 என்பது எங்கிருந்து வந்தது? ரெட்டைசைலன்சர் 100-க்கு வாங்கிய அதே வண்டி, அதே புகை. வேலை பார்க்காமல் 12 கூடுவதற்கு, முதலில் வாங்கும்போதே மலிவாக வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்கியிருந்தால் ஓரம்போ சொல்வதுதான் சிறந்த வழி. பெயர் மாற்றம், அபராதம் 5-ஐயும் ஓரம்போ சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் 5.5 என்பது 0.5 ஆகிறது.

#20 ஓரம்போ

பெயர் மாற்றம் எதுக்கு நடுவுல? பழைய ஓனர்கிட்ட ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க, வாங்கறவர் பேருக்கு நேரா மாத்திக்கட்டும். என் பேருக்கு ஒருதடவை, அவர் பேருக்கு ஒருதடவைன்னு ரெண்டு செலவு ஏன்? ஓனர் எண்ணிக்கையும் ஒண்ணு ஏறாது, விலையும் இறங்காது.

#21 பழையவண்டி

செலவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது உண்மை. ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடினால் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார், அதுவும் உண்மை. ஆனால் நடுவில் இருக்கும் நாட்களில் வண்டி யார் பெயரில் இருக்கிறது? ஓட்டிப் பார்க்கக் கொடுத்த ஒருவர் விபத்து செய்தால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும், அவர் உங்களைத் தேடுவார். இன்சூரன்ஸும் பழைய பெயரில் இருப்பதால் இழப்பீட்டில் சிக்கல். பழைய ஓனர் வெளியூர் போய்விட்டாலோ, இறந்துவிட்டாலோ, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அலுவலகம் திருப்பி அனுப்பினாலோ, வண்டி உங்கள் கையிலேயே நிற்கும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதையே ஏற்காத இடங்களும் உண்டு. தொழிலாகச் செய்பவர்களுக்குப் பல இடங்களில் டீலர் பதிவு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. தொடர்ந்து செய்வதாக இருந்தால் அதை விசாரியுங்கள்.

ரெட்டைசைலன்சர், வண்டி மேல் கடன் இருந்ததா என்றும் புத்தகத்தில் பாருங்கள். கடனைக் கட்டி முடித்திருந்தாலும் பதிவில் நீக்காமல் விட்டிருப்பார்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் என்.ஓ.சி. வாங்கி அதை நீக்கிய பிறகுதான் பெயர் மாறும். அந்தக் கடிதத்தில் செல்லுபடித் தேதி போட்டிருந்தால், தேதி தாண்டினதும் மறுபடி அலைய வேண்டும்.

#22 ரெட்டைசைலன்சர்

கடன் இல்லை. என் பேருக்கு மாத்திடறேன், எனக்குத் தூக்கம் முக்கியம். அபராதம் 2 பழைய ஓனர் கட்டவேண்டியதுதானே? வாங்கும்போது யாரும் சொல்லலை.

#23 கணக்குப்பிள்ளை

கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் லாபம். கொடுப்பார் என்று கணக்கில் எழுத வேண்டாம். பணம் கைமாறும் முன் பதிவு எண்ணைப் போட்டு அபராதப் பாக்கி பார்த்திருந்தால் அந்த 2-ஐ விலையிலேயே கழித்திருக்கலாம்.

இப்போது புதுக் கணக்கு. வாங்கினது 100, வாங்கும்போது தரகு 2, ரிப்பேர் 2 + 2.5 + 1.5 + 0.5 = 6.5, பேப்பர் 5. மொத்தம் 113.5. விற்பது 125, தரகு போக 120. மிச்சம் 6.5. போட்ட பணத்தில் 5.7 சதவீதம்.

கொண்டாட வேண்டாம். உங்களிடம் வாங்குபவர் பெயருக்கு மாற்றும் செலவு 3 யாருடையது? "பேப்பர் எல்லாம் உட்பட 125" என்று தரகர் பேசியிருந்தால் அது உங்கள் தலையில். அப்போது மிச்சம் 3.5. போட்ட பணம் 116.5, ஆகவே 3 சதவீதம். விலை பேசும் அன்றே இந்த ஒரு வரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்த பிறகு கேட்டால் தரகர் "அது வழக்கம்தானே" என்பார்.

#24 ரெட்டைசைலன்சர்

கேட்டேன். உட்பட 125-ன்னுதான் சொல்லியிருக்காராம். அப்போ 3.5. இவ்வளவு பாடுபட்டு 3.5-ஆ.

#25 கணக்குப்பிள்ளை

வண்டி இரண்டே வாரத்தில் போனால் 3.5 மோசமில்லை. மூன்று மாதம் நின்றால் மோசம். அதே பணம் இன்னொரு வண்டியில் சுழன்றிருக்கும். நிற்கிற வண்டியின் பேட்டரி இறங்கும், டயரில் காற்று குறையும், பார்க்க வருபவர்கள் ஓட்டுகிற பெட்ரோல் உங்களுடையது. இவற்றை நான் மேலே எழுதவே இல்லை.

அடுத்த வண்டிக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இந்த வண்டியையே வைத்துப் பார்ப்போம். 125-க்கு விற்கும், தரகு போக 120. அதில் உங்களுக்கு வேண்டிய லாபம் 10-ஐ முதலில் எடுத்து வைத்தால் 110. ரிப்பேர் 6.5, பேப்பர் 5, விற்கும்போது பெயர் மாற்றம் 3 கழித்தால் 95.5. வாங்கும் தரகு 2 கழித்தால் 93.5. பிரித்த பிறகு கைடு தேய்ந்திருக்கிறது என்பது போல ஏதாவது வரும், அதற்கு ரிப்பேர் மதிப்பீட்டில் கால் பங்கு, சுமார் 1.6 ஒதுக்கினால் 92-க்குள். இந்த வண்டிக்கு 92-க்கு மேல் கொடுக்கவே கூடாது. நீங்கள் 100 கொடுத்துவிட்டீர்கள். 8 அங்கேயே போய்விட்டது. இனி எந்த மெக்கானிக்கும் அதைத் திருப்பித் தர முடியாது.

#26 நெட்டுபோல்ட்டு

கால் பங்கு போதாதுன்னு நினைக்கிறேன். என்ஜின்ல கை வைக்கிற வண்டின்னா பாதியாவது ஒதுக்கணும். ஹெட் போல்ட் ஒண்ணு திரெட் போய் வந்தாலே கால் பங்கு காலி.

#27 கணக்குப்பிள்ளை

பாதி ஒதுக்கினால் எந்த வண்டியும் வாங்க முடியாது, விற்பவர் சிரிப்பார். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்த பிறகு வாங்கினால் கால் பங்கு போதும், எடுக்காமல் வாங்கினால் பாதி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

#28 நெட்டுபோல்ட்டு

விக்கிறவன் பிளக்கைக் கழட்ட எங்க விடறான். போனதும் என்ஜின்ல கை வச்சுப் பார்க்கலாம், சூடா இருந்தா குளிர் ஸ்டார்ட்டை மறைக்கிறான்னு தெரியும். அதுக்கு மேல கஷ்டம். நான் பாதின்னுதான் சொல்வேன்.

#29 ரெட்டைசைலன்சர்

ஹெட் இறக்கியாச்சு. வால்வுல ஆட்டம் இல்லை, போர்ல கோடு தெரியுது. சீல் ரெண்டும் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்துச்சு, விரல்ல நசுக்கினா விரிசல் விட்டுச்சு.

இன்னொரு கேள்வி. தரகர் இப்போ வேற மாதிரி பேசறார். "சதவீதம் வேண்டாம், உனக்கு நெட்டா 121 தரேன், மேல எவ்வளவு வித்தாலும் அது என்னோடது, பெயர் மாற்றச் செலவும் நான் பார்த்துக்கறேன்"ங்கறார். எது நல்லது?

#30 கணக்குப்பிள்ளை

பெயர் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் 121 முழுவதும் உங்களுடையது. போட்டது 113.5, மிச்சம் 7.5. சதவீதக் கணக்கில் அதே 7.5 நிற்க வேண்டுமென்றால், 121-ஓடு பெயர் மாற்றம் 3 சேர்த்து 124, அதை 0.96-ஆல் வகுக்க 129.17. அதாவது வண்டி 129-க்கு மேல் போகும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சதவீதம் நல்லது. 125-தான் சந்தை என்று அவரே சொன்னவர், இப்போது 121-ம் கொடுத்து 3 செலவையும் ஏற்கிறார் என்றால், கையில் ஒரு ஆள் இருக்கிறார், 125-க்கு மேல் பேசி முடித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

#31 ஓரம்போ

அப்போ 123 கேளுங்க. இல்லைன்னா 122-ல நிப்பார்.

#32 பழையவண்டி

எவ்வளவில் நின்றாலும், முழுப்பணமும் வந்த பிறகே புத்தகமும் சாவியும். நெட் விலை பேசும் தரகர் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப்போய், விற்ற பிறகு மீதி தருகிறேன் என்பார். வண்டி இப்போது உங்கள் பெயரில் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். எந்தத் தேதிக்குள் வாங்கியவர் பெயருக்கு மாறும் என்பதையும், ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வண்டியை விற்றுவிட்டேன் என்று பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் வழி உங்கள் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள், பெயர் மாற்றம் தரகர் வேலை என்று காத்திருக்க வேண்டாம்.

#33 ரெட்டைசைலன்சர்

122-க்கு ஒத்துக்கிட்டார். தாள்ல வாங்கறவர் பேரை எழுதச் சொன்னா மட்டும் மழுப்பறார்.

#34 பழையவண்டி

பெயர் எழுதாமல் சாவி கொடுக்காதீர்கள். வாங்குபவர் அவரேதான் என்றால் அவர் பெயரை எழுதட்டும்.